நான்கு காலும் வாலும் இருந்த பாக்கிசீட்டஸை எதை வைத்துத் திமிங்கிலம் என்கிறார்கள்?

செல்வி, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். பாக்கிசீட்டஸ் என்கிற விலங்கின் படத்தைக் காட்டி அவள் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் இருப்பது ஓநாய் அளவுள்ள, நீண்ட கால்களுள்ள, தரையில் நடக்கும் ஒரு பிராணி. கீழே "மிகப் பழைய திமிங்கிலம்" என்று போட்டிருக்கிறது. துடுப்பு இல்லை, தலை உச்சியில் மூக்குத் துவாரம் இல்லை. காதெலும்பு ஒன்றை வைத்துத்தான் இதைத் திமிங்கிலம் என்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

ஒரே ஓர் எலும்பை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா? கால், தோள், இடுப்பு எல்லாம் நிலத்து விலங்குக்கு உரியவையாக இருக்கும்போது காது மட்டும் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

கல்மரம்

நல்ல கேள்வி. 1981இல் இந்த எலும்பைப் பார்த்த பலருக்கும் இதே சந்தேகம் வந்தது.

பாகிஸ்தானில் கோஹாட் பகுதியில் சோர்லக்கி என்ற ஊருக்கு அருகே கிடைத்தது மண்டையோட்டின் பின்பகுதி மட்டுமே. ஃபிலிப் கிஞ்சரிச்சும் டொனால்ட் ரஸலும் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். அது இருந்த பாறை கடலடிப் பாறை அல்ல. ஆறு கொண்டுவந்து படியவைத்த செம்மண் பாறை. கூடவே கிடைத்தவையும் நிலத்து விலங்குகளின் எலும்புகள். வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. அந்த இடத்தில் திமிங்கிலத்தை யாரும் தேடவே மாட்டார்கள்.

காதெலும்பில் அப்படி என்ன இருந்தது என்று சொல்கிறேன். எல்லாப் பாலூட்டிகளுக்கும் நடுக்காதின் அடியில் அதை மூடிக் காக்கும் ஓர் எலும்பு உண்டு. நாய், பூனையின் மண்டையோட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குமிழ் போல உப்பியிருப்பது அதுதான். அதன் சுவர் எல்லாப் பக்கமும் மெல்லியது. திமிங்கிலத்திலும் டால்ஃபினிலும் மட்டும் அந்தக் குமிழின் உட்புறச் சுவர், அதாவது மண்டையின் நடுவை நோக்கிய பக்கம், தடித்துத் திரண்டு பாறை போல இறுகியிருக்கும். வெளிப்புறச் சுவரோ தாள் போல மெலிந்திருக்கும். அந்தத் தடித்த உதட்டை இன்வலுக்ரம் என்பார்கள். இன்று உயிரோடு இருக்கும் திமிங்கில இனங்கள் அத்தனையிலும் இது இருக்கிறது. வேறு எந்தப் பாலூட்டியிலும் இல்லை. சோர்லக்கியில் கிடைத்த மண்டையோட்டில் இது தெளிவாக இருந்தது.

காலை ஏன் நம்பவில்லை என்கிறீர்கள். வாழும் முறை மாறினால் கால் சீக்கிரம் மாறிவிடும். கடற்பசு, சீல், திமிங்கிலம் மூன்றுக்கும் கை துடுப்பு போல ஆகியிருக்கிறது, ஆனால் மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். உறவைத் தேடும்போது, பல இனங்களில் தனித்தனியாகத் தோன்ற வாய்ப்புக் குறைந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வகையில் இந்தத் தடித்த உதடு நம்பகமான அடையாளமாக இருந்தது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பின்மண்டை மட்டும் கையில் இருந்த காலத்தில், பாக்கிசீட்டஸை நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் சீல் போன்ற விலங்காக வரைந்தார்கள். 2001இல் ஹான்ஸ் தேவிசன் குழு கால், இடுப்பு, முதுகெலும்புகளை வெளியிட்ட பிறகுதான் உங்கள் மகள் பார்த்த நீண்ட கால் படம் வந்தது. காதெலும்பு உறவைச் சரியாகச் சொன்னது. உடல் எப்படி இருந்திருக்கும் என்பதை அதைக் கொண்டு ஊகித்தது தவறாகப் போனது.

ரவிக்குமார் தஞ்சை

இதில் இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. நான் கல்லூரியில் படித்தபோதே இதற்கு விடை இருந்தது. மெசோனிக்ஸ் என்று ஓநாய் போன்ற, ஆனால் குளம்பு உள்ள ஊனுண்ணிகள் இருந்தன. அவற்றின் கடைவாய்ப் பல் முக்கோண வடிவம். பழைய திமிங்கிலங்களின் பல்லும் அதே வடிவம். அந்த ஓநாய்க் கூட்டத்திலிருந்துதான் திமிங்கிலம் வந்தது. பாக்கிசீட்டஸ் ஓநாய் போல இருப்பதும் அதனால்தான். பல்லை விட உறுதியான ஆதாரம் தொல்லுயிரியலில் கிடையாது.

டாக்டர் இளவரசி

ரவிக்குமார் ஐயா, நீங்கள் படித்த காலத்தில் அதுதான் பெரும்பாலோர் ஏற்றிருந்த கருத்து. 1966இல் லீ வான் வேலன் அதை முன்வைத்தார், முப்பது ஆண்டுக்கு மேல் நிலைத்தும் நின்றது. இன்று அது நிற்கவில்லை. அதைச் சாய்த்த எலும்பு எனக்கு அன்றாடம் பழக்கமானது என்பதால் நானே சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர்.

இறைச்சிக் கடையில் ஆட்டின் பின்னங்காலில் கணு மூட்டை வெட்டாமல் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். நன்றாக வேகவைத்துத் தசைநாரை நீக்கினால் உள்ளே சிறிய, கட்டையான ஓர் எலும்பு தனியாகக் கழன்று வரும். அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். மேல்முனையில் ஒரு பள்ளமும் இருபுறமும் இரண்டு மேடும் இருக்கும். கெண்டைக்கால் எலும்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் உருளும். இது பல விலங்குகளில் உண்டு. இப்போது எலும்பைத் தலைகீழாகத் திருப்புங்கள். கீழ்முனையிலும் அதே போல இன்னொரு கப்பி இருக்கும். இதுதான் கவனிக்க வேண்டியது.

நாயின் இதே எலும்பில் கீழ்முனை உருண்டையாக இருக்கும். குதிரையில் ஏறக்குறைய தட்டை. இரண்டு முனையிலும் கப்பி இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்புக் கூட்டத்தில் மட்டுமே. இரண்டு கப்பிகளால் கால் முன்பின்னாக வேகமாக மடங்கும், பக்கவாட்டில் திரும்பாது. ஓடித் தப்பிக்க ஏற்ற அமைப்பு. மெசோனிக்ஸ் கூட்டத்தின் கணுக்காலில் இந்தக் கீழ்க் கப்பி இல்லை.

இன்றைய திமிங்கிலத்துக்குக் கணுக்காலே கிடையாது. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை புதைபடிவத்தில்தான் கிடைக்க முடியும். 2001 செப்டம்பரில் இரண்டு குழுக்கள் ஒருநாள் இடைவெளியில் விடையை வெளியிட்டன. ஒன்று தேவிசன் குழு, மற்றொன்று கிஞ்சரிச் குழு. இருவர் காட்டிய பழைய திமிங்கிலக் கணுக்காலிலும் இரண்டு முனையிலும் கப்பி இருந்தது. மெசோனிக்ஸ் கருத்தைப் பல ஆண்டுகள் ஆதரித்தவர் கிஞ்சரிச். தன் கையில் கிடைத்த எலும்பைப் பார்த்ததும் வெளிப்படையாகவே கருத்தை மாற்றிக்கொண்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

ரவிக்குமார் தஞ்சை

டாக்டர், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஓர் ஐயம் தீரவில்லை. பாக்கிசீட்டஸ் முழு எலும்புக்கூடாகக் கிடைக்கவில்லை, பல விலங்குகளின் எலும்புகள் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அந்தக் கணுக்கால் பக்கத்தில் செத்துக் கிடந்த ஒரு மான் வகையுடையதாக இருக்கலாமே? பல் மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும், அதில் இந்தக் குழப்பம் வராது.

கல்மரம்

ரவிக்குமார், இந்தச் சந்தேகம் மிகச் சரியானது. காலா சிட்டா மலையில் பாக்கிசீட்டஸ் எலும்புகள் அப்படித்தான் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்க, எந்த அளவு எலும்பு எவ்வளவு எண்ணிக்கையில் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். பல்லிலும் எலும்பிலும் உள்ள ஐசோடோப்புகளையும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களையும், ஒப்பிட்டார்கள். அதை மட்டுமே வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பதுபோல ஓர் ஓட்டை இருந்துகொண்டே இருக்கும்.

அந்த ஓட்டையை அடைத்தது கிஞ்சரிச் பலூசிஸ்தானில் எடுத்த ஆர்டியோசீட்டஸ் என்ற பழைய திமிங்கிலம். அதில் மண்டையோடும் கணுக்கால் எலும்புகளும் ஒரே விலங்கின் எலும்புக்கூட்டில் சேர்ந்தே கிடைத்தன. காது திமிங்கிலத்தின் காது, கணுக்கால் இரட்டைக் குளம்பியின் கணுக்கால். இரண்டும் ஓருடல் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பல் உறுதியானது, நெடுங்காலம் அழியாதது, ஆனால் உண்ணும் உணவுக்கு ஏற்ப வடிவம் மாறுவது. வழுக்கும் இரையைக் கவ்வி வெட்டுகிற இரண்டு கூட்டங்களுக்கு ஒரே மாதிரிப் பல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உங்கள் ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குக் கையில் இருந்தவை பற்களே.

மணப்பாட்டு மகன்

வணக்கம். எனக்கு இந்த விஞ்ஞானம் அதிகம் தெரியாது. 2016 ஜனவரியில் எங்கள் கரையில் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோது, அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட முயன்றவர்களில் நானும் ஒருவன். இழுத்துவிட்டவை மறுபடி கரைக்கே வந்தன. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

காதெலும்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வீட்டில் உள்ள ஒரு பொருள் நினைவுக்கு வந்தது. என் அப்பா வலையில் வந்தது என்று வைத்திருந்தார். சிப்பி மாதிரி இருக்கும், சிப்பி அல்ல. கட்டைவிரலை விடக் கொஞ்சம் சிறியது. ஒரு பக்கம் உருண்டு தடித்து வழவழப்பாக இருக்கிறது. மறுபக்கம் மெல்லிய ஓடு, அதில் பாதி உடைந்துபோயிருக்கிறது. அளவுக்கு மீறிக் கனக்கும். ஏதோ மீனின் எலும்பு என்றுதான் நினைத்திருந்தோம். நீங்கள் சொல்லும் காதெலும்பு இதுதானா? அப்படியென்றால் தலையோடு ஒட்டியிருக்க வேண்டியது எப்படித் தனியாக வலையில் வந்தது?

கல்மரம்

தம்பி, பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிய ஓடு, அளவுக்கு மீறிய கனம் என்று மூன்றும் சேர்ந்தால் திமிங்கிலம் அல்லது டால்ஃபினின் காதெலும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு முக்கியமான விஷயம்: திமிங்கிலத்தின் உடற்பாகங்களை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். படம் எடுத்து இங்கே போட வேண்டாம். வனத்துறையிடம் விவரத்தைச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

தனியாக எப்படி வந்தது என்று கேட்டீர்களே, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அது. நமக்கும் ஆட்டுக்கும் காதெலும்பு மண்டையோட்டோடு இறுகப் பிணைந்திருக்கும். டால்ஃபினுக்கு அது மண்டையோட்டில் ஒட்டாமல் தசைநாரில் தொங்குகிறது, சுற்றிலும் காற்றும் நுரையும் நிறைந்த அறைகள். இறந்த உடல் அழுகியதும் காதெலும்புதான் முதலில் கழன்று விழும். மற்ற எலும்புகளை விட அடர்த்தி அதிகம் என்பதால் அழியாமல் கடலடியில் கிடக்கும்.

அது ஏன் அப்படித் தொங்க வேண்டும்? காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. நம் தலையில் மோதும் ஒலியில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், காதுத் துளை வழியாக நுழைவதே செவிப்பறைக்குப் போகும். ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் சேர்வதை வைத்துத் திசையை அறிகிறோம். நீரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1500 மீட்டர். அதோடு நம் உடலின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒலி தடையில்லாமல் தலைக்குள் புகுந்து மண்டையோடு முழுவதையும் அதிரவைக்கும். இரண்டு காதும் அதே மண்டையோட்டில் ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் அதிரும். சத்தம் கேட்கும், திசை தெரியாது.

மணப்பாட்டு மகன்

ஐயா சொன்னது அப்படியே உண்மை. என் மாமா தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவர். தண்ணீருக்குள் இருக்கும்போது விசைப்படகின் சத்தம் தலைக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, அதனால் மேலே வரும்போது பயமாக இருக்கும் என்பார். திமிங்கிலத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

எலும்பை ஒப்படைத்துவிடுகிறேன். சட்டம் இப்படி இருப்பது தெரியாது, நன்றி.

கல்மரம்

பல்லுள்ள திமிங்கிலங்களுக்கும் டால்ஃபினுக்கும் ஒலி நுழையும் வாசல் கீழ்த்தாடை. தாடையெலும்பின் பின்பகுதி உள்ளே குடைந்து வெற்றிடமாக இருக்கும், அதில் ஒருவகைக் கொழுப்பு நிறைந்திருக்கும். வெளிச்சுவர் மிக மெல்லியது. ஒலி அந்தச் சுவரைக் கடந்து, கொழுப்பு வழியாக ஓடி, நேராகக் காதுக் குமிழின் மெல்லிய தட்டில் போய்ச் சேரும். தலையின் மற்ற பகுதி அதிர்ந்தாலும் அந்த அதிர்வு காதுக்குப் போகாமல் காற்றறைகள் தடுத்துவிடும். வலத் தாடை வலக் காதுக்கு, இடத் தாடை இடக் காதுக்கு என்று தனித்தனி வழி இருப்பதால் திசை தெரிகிறது.

செல்வி அம்மா, உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். கொழுப்பு கல்லாக மாறாது. ஆனால் கொழுப்பு இருந்த துளை தாடையெலும்பில் அப்படியே நிற்கும். எல்லாப் பாலூட்டிகளின் கீழ்த்தாடையிலும் உட்பக்கம் நரம்பும் இரத்தக் குழாயும் நுழைய ஒரு சிறு துளை உண்டு. பாக்கிசீட்டஸில் அந்தத் துளை நிலத்து விலங்கின் அளவுக்குச் சிறியது. அதற்குக் கொஞ்சம் பின்னால் வந்த, முதலை போலக் கரையோர நீரில் கிடந்த ஆம்புலோசீட்டஸில் பெரிதாகியிருக்கிறது. நம் கட்ச் பகுதியில் நிறையக் கிடைக்கும் ரெமிங்டனோசீட்டஸில் துளை தாடையின் உயரத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. முழுக்க நீரிலேயே வாழ்ந்த பாசிலோசாரஸுக்கு வரும்போது கிட்டத்தட்ட இன்றைய டால்ஃபினின் அளவு. காதைச் சுற்றிய காற்றறைகளும் இதே வரிசையில் விரிந்துகொண்டே போகின்றன. 2004இல் சிர்பா நும்மெலா, தேவிசன், சுனில் பாஜ்பாய் முதலியோர் இதை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார்கள்.

இந்த வரிசையில் என் மனத்தைத் தொடுவது ரெமிங்டனோசீட்டஸ். அதற்கு நிலத்துக் காதின் பழைய அமைப்பும் இருந்தது, நீருக்குரிய புதிய வழியும் இருந்தது. காற்றில் நிலத்து விலங்கைப் போல நன்றாகக் கேட்காது, நீரில் டால்ஃபினைப் போலத் திசையும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அந்த அரைகுறைக் காதோடு அவை கட்ச் கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக இரை பிடித்து, குட்டி போட்டு, நன்றாகவே வாழ்ந்திருக்கின்றன.

செல்வி, ஈரோடு

மிக்க நன்றி. மகளோடு சேர்ந்து இரண்டு முறை படித்தேன். இப்போது அவளுக்குப் புதிய கேள்வி. பாக்கிசீட்டஸின் தாடைத் துளை சிறியது, காது மண்டையோட்டோடு ஒட்டியிருக்கிறது, அதாவது நீருக்குள் திமிங்கிலம் போலக் கேட்க முடியாது. அப்படியானால் அந்தத் தடித்த உதடு மட்டும் எதற்காக முன்கூட்டியே வந்தது? பின்னால் தேவைப்படும் என்று எலும்புக்குத் தெரியாதே?

இந்தோஹையஸ் என்ற விலங்கைப் பற்றியும் கேட்கிறாள். அது காஷ்மீரில் கிடைத்தது, திமிங்கிலத்தின் மூதாதை என்று படித்தாளாம். ஆனால் அதன் வயது 4.8 கோடி ஆண்டு, பாக்கிசீட்டஸை விட இளையது. மூதாதை எப்படி இளையதாக இருக்க முடியும்?

கல்மரம்

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

இந்தோஹையஸை 1971இல் முதலில் விவரித்தவர் இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கராவ். ஜம்முவில் ரஜௌரி மாவட்டத்தின் காலாகோட் அருகே கிடைத்த பல், தாடைத் துண்டுகளைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். அங்கிருந்து ஏராளமான பாறைக் கட்டிகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார். அவற்றை உடைத்து எலும்பைப் பிரித்தெடுக்கும் முன்பே இறந்துபோனார். அவருடைய மனைவியும் நிலவியலாளர்தான். டேராடூன் வீட்டில் அந்தக் கட்டிகளை யாரும் கலைக்காதபடி பல ஆண்டுகள் பாதுகாத்து, பின்பு தேவிசனை நம்பி ஒப்படைத்தார். உள்ளே நூற்றுக்கணக்கான இந்தோஹையஸ் எலும்புகள் இருந்தன.

ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளர் தவறுதலாகக் காதுக் குமிழை உடைத்துவிட்டார். உடைந்த முகத்தைப் பார்த்தால் உட்சுவர் தடித்திருக்கிறது, வெளிச்சுவர் மெல்லியது. திமிங்கிலங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த அந்த உதடு, பூனையை விடச் சற்றே பெரிய, மெல்லிய கால்களும் குளம்பும் உள்ள ஒரு சின்னப் பிராணியில்! உடையாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை காலம் யாரும் கவனிக்காமல் இருந்திருப்பார்களோ. 2007 டிசம்பரில் இது வெளியானது.

நான் முதலில் எழுதியதில் இந்த ஒரு விலங்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்று உயிரோடு இருப்பவற்றில் அந்த உதடு திமிங்கிலக் கூட்டத்துக்கு மட்டுமே, புதைபடிவத்தில் அதற்கு அடுத்த வீட்டாருக்கும் உண்டு.

உங்கள் மகள் வயதைக் கவனித்தது சரி. இந்தோஹையஸ் மூதாதை அல்ல, பங்காளி. இரண்டுக்கும் பொதுவான முன்னோர் பாக்கிசீட்டஸுக்கும் முந்தியவர். அந்த முன்னோரின் எலும்பு இன்னும் கிடைக்கவில்லை. ஒரு கிளை திமிங்கிலமாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் மற்றொரு கிளை பெரிதாக மாறாமல் காலாகோட் பக்கம் வாழ்ந்திருக்கிறது.

அது எப்படி வாழ்ந்தது என்பதற்குக் கால் எலும்பை வெட்டிப் பார்த்தார்கள். ஓடும் விலங்கின் கால் எலும்பில் சுவர் மெல்லியது, நடுவில் மஜ்ஜைக்கு இடம் அதிகம். இந்தோஹையஸுக்குச் சுவர் மிகத் தடிப்பு, நடுத்துளை சிறியது. நீர்யானைக்கும் இப்படித்தான், மிதக்காமல் அடியில் நடக்க அந்தக் கனம் உதவுகிறது. பல்லில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பும் அது நீரில் நிறைய நேரம் இருந்ததைக் காட்டுகிறது. ஆனால் தின்றது பெரும்பாலும் தாவரம் என்றே தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் சருகுமான் வகை ஒன்று உண்டு. கழுகைக் கண்டால் ஓடையில் பாய்ந்து நீருக்கடியில் ஒளிந்துகொள்ளும். இந்தோஹையஸும் அப்படி வாழ்ந்திருக்கலாம் என்பது தேவிசன் குழுவின் கருத்து. அதாவது இவர்கள் மீனைத் தேடி நீருக்குப் போகவில்லை, நீருக்குப் போன பிறகுதான் மீனைக் கண்டார்கள்.

முதல் கேள்வி, உதடு எதற்கு என்பது. தலையைத் தரையிலோ நீரிலோ வைத்திருக்கும்போது எலும்பு வழியாக வரும் அதிர்வைக் கேட்க அந்தக் கனமான பகுதி உதவியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது, ஆனால் இந்தோஹையஸில் அதன் பயன் என்ன என்பதில் எல்லோரும் ஏற்ற முடிவு இல்லை.

ரவிக்குமார் தஞ்சை

அப்படியென்றால் திமிங்கிலம் நீர்யானையிலிருந்து வந்தது என்று செய்தித்தாள்களில் வருவது? டிஎன்ஏ அதைத்தானே சொல்கிறது?

டாக்டர் இளவரசி

ஐயா, டிஎன்ஏ சொல்வது உறவை மட்டும். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கியது நீர்யானை. 1999இல் ஜப்பானியக் குழு ஒன்று, மரபணுத் தொகுப்பில் இங்கும் அங்கும் தாவிச் செருகிக்கொள்ளும் துண்டுகளை வைத்து இதை உறுதியாகக் காட்டியது. ஒரே துண்டு ஒரே இடத்தில் இரண்டு இனங்களில் தற்செயலாகச் செருகப்பட வாய்ப்பு மிகமிகக் குறைவு. எனவே இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நீர்யானையிலிருந்து வந்தது என்றால் காலம் ஒத்துவராது. நீர்யானை என்று சொல்லத் தக்க எலும்புகள் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. திமிங்கிலங்கள் அதற்கும் 3 கோடி ஆண்டு முன்பே நம் பக்கத்தில் இருந்தன. நடுவில் நீர்யானைக் கிளை எங்கே, எந்த உருவில் இருந்தது? ஆந்த்ரகோத்தேர் என்ற அழிந்துபோன கூட்டத்தோடு இணைக்கிறார்கள். அது ஏற்கத்தக்கதே. அப்போதும் இடைவெளி முழுதாக நிரம்பவில்லை.

தமிழ்ச்செல்வன்

நான் குறுக்கே ஒன்று கேட்கலாமா? எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொங்கும் திமிங்கில எலும்புக்கூட்டைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பின்னங்கால் எலும்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. திமிங்கிலத்துக்குக் கால் இருந்தது என்றால் அதில் ஏன் தெரியவில்லை? கால் எலும்பு இருப்பதாகச் சொல்வது சில இனங்களுக்கு மட்டுமா?

டாக்டர் இளவரசி

தமிழ்ச்செல்வன், நம்முடைய பேச்சு பழைய திமிங்கிலங்களைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்வி இங்கே பொருந்தும். இன்றைய திமிங்கிலங்களுக்கு இடுப்பெலும்பின் மிச்சம் இரண்டு சிறு துண்டுகளாக உண்டு. சில இனங்களில் தொடையெலும்பின் ஒரு துணுக்கும் சேர்ந்திருக்கும். அவை முதுகெலும்போடு இணையாமல் தசைக்குள் தனியாகக் கிடப்பதால், சதையை நீக்கி எலும்பை எடுக்கும்போது எளிதில் தவறிப்போகும். பல அருங்காட்சியகங்களின் எலும்புக்கூடுகளில் அவை இல்லாததற்கு அது ஒரு காரணம். அவை பயனற்றவை என்றும் நினைக்க வேண்டாம். இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அவற்றில்தான் பற்றியிருக்கின்றன.

டால்ஃபின் கருவில் சில வாரங்களுக்குப் பின்னங்கால் மொட்டு வெளிப்படையாகவே தெரியும், பிறகு வளர்ச்சி நின்று மறைந்துவிடும். முழுக் காலைப் பார்க்க வேண்டுமானால் எகிப்தின் வாதி அல் ஹிதானுக்குப் போக வேண்டும். 1990இல் அங்கிருந்து பாசிலோசாரஸின் பின்னங்காலை கிஞ்சரிச் குழு வெளியிட்டது. உடல் பதினைந்து மீட்டருக்கும் மேல். காலோ மனிதக் கையை விடச் சிறியது. ஆனால் தொடை, முழங்கால் சில்லு, கணுக்கால், விரல்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலால் அவ்வளவு பெரிய உடலைத் தாங்க முடியாது, அது நீரை விட்டு வெளியே வந்திருக்கவே முடியாது.

செல்வி, ஈரோடு

டாக்டர், அப்படியானால் எந்தக் கட்டத்தில் குட்டி போடக் கூடக் கரைக்கு வருவதை நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியுமா? இது என்னுடைய கேள்வி, மகளுடையது அல்ல.

கல்மரம்

அதற்கு ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. பாகிஸ்தானில் கிடைத்து 2009இல் வெளியான மையாசீட்டஸ். 4.75 கோடி ஆண்டுப் பழமை. பெண் விலங்கின் எலும்புக்கூட்டுக்குள் ஒரு சிறிய எலும்புக்கூடு, அதன் தலை தாயின் வாலை நோக்கி இருக்கிறது. இன்றைய திமிங்கிலக் குட்டி பெரும்பாலும் வால் முதலில் வெளிவரும். நிலத்து விலங்கின் குட்டி தலை முதலில் வெளிவரும். எனவே மையாசீட்டஸ் கரையில் குட்டி போட்டது என்று கிஞ்சரிச் முடிவு செய்தார். நான் அதை ஏற்கிறேன்.

டாக்டர் இளவரசி

இதில் நான் உங்களோடு உடன்படவில்லை, கல்மரம் ஐயா. பசுவின் கன்று சினையின் நடுக்காலத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலை வைத்திருக்கும். பிறப்பதற்கு முந்திய மாதங்களில்தான் பெரும்பாலானவை திரும்பி நிலைகொள்ளும். அப்போதும் சில கன்றுகள் பின்கால் முதலில் வருகின்றன, அப்படி வந்த கன்றுகளை நானே இழுத்து எடுத்திருக்கிறேன். இறந்த விலங்கு அழுகும்போது வாயு சேர்ந்து கருவும் இடம் மாறும். ஒரே ஒரு கருவின் கிடையை வைத்து ஓர் இனத்தின் பிரசவ முறையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்மரம்

கருவின் கடைவாய்ப் பல் நன்றாக உருவாகியிருந்தது டாக்டர். அதாவது பிரசவம் நெருங்கிய கரு. நிலைகொள்ளாத நடுக்காலம் என்று சொல்ல முடியாது. தாயின் பின்னங்கால்களும் குட்டையானாலும் உடலைத் தாங்கும் அளவுக்கு இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

டாக்டர் இளவரசி

பிரசவம் நெருங்கியது என்பதை ஏற்கிறேன். கரைக்கு வரக்கூடிய கால் இருந்தது என்பதையும் ஏற்கிறேன். கரையில்தான் ஈன்றது என்று சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மூன்று தாய்களாவது வேண்டும். அதுவரை செல்வி அம்மாவுக்கு என் பதில் இதுதான்: பாசிலோசாரஸ் காலத்தில் நிச்சயம் நிறுத்திவிட்டார்கள், மையாசீட்டஸ் காலத்தில் வந்திருக்கலாம்.